ஓட்டோ சூத்திரத்தில் பெட்ரோல் எங்கே? (70×90 எஞ்சின், கம்ப்ரெஷன் ரேஷியோ கணக்கு)

பழையவண்டி · ஜூன் 4, இரவு 10:20

என் வண்டி ஒற்றை சிலிண்டர், இரும்பு பேரல், 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக். கணக்குப்படி 346.4 சி.சி. போன ஞாயிறு பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, வண்டியைச் சாய்த்து, பிளக் ஓட்டை வழியாகப் பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்தேன். மேலே மிஞ்சும் இடம் 63 சி.சி. 346-ஐ 63-ஆல் வகுத்தால் ரேஷியோ r 5.5. காமா 1.4 என்று வைத்து

η = 1 − 1/r^(γ−1)

போட்டால் 49.4 சதவீதம் வருகிறது.

என் கேள்வி இந்த எண்ணைப் பற்றியது இல்லை. இந்தச் சூத்திரத்தில் பெட்ரோல் எங்கே? எவ்வளவு எரித்தேன், எவ்வளவு சூடானது, த்ராட்டில் எவ்வளவு திறந்தேன், ஒன்றுமே இல்லை. ஒரு வெப்ப எஞ்சினின் எஃபிஷியன்சியில் வெப்பமே இல்லாமல் எப்படி? உச்ச வெப்பநிலை ஏற ஏற எஃபிஷியன்சி ஏறும் என்று கார்னோ பாடத்தில் படித்தோம். இங்கே மட்டும் அது எங்கே போனது? சூத்திரம் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம்செமஸ்டர் · ஜூன் 4, இரவு 10:41

அண்ணா, r தப்பு. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே இருக்கிற மொத்த இடம் 346 இல்லை, 346-ம் அந்த 63-ம் சேர்ந்தது. 409.4-ஐ 63-ஆல் வகுங்க. 6.5. எஃபிஷியன்சி 52.7. இதே தப்புக்கு எனக்கு இன்டர்னல்ல நாலு மார்க் போச்சு, அதான் உடனே கண்ணுல பட்டுச்சு.

பழையவண்டி · ஜூன் 4, இரவு 10:50

சரிதான். இனி 6.5 என்றே வைத்துக்கொள்கிறேன். நன்றிம்மா. கேள்வி அப்படியே நிற்கிறது.

லேத்துக்காரர் · ஜூன் 5, காலை 7:15

எண்ணெய் விட்டு அளந்தது சரிங்க. ஆனா ரிங் வழியா கீழே கசிஞ்சா 63-ன்னு காட்டுறது நிஜத்துல 60-ஆ இருக்கும். பிஸ்டன் ஓரத்துல கிரீஸ் தடவி அடைச்சீங்களா? பிளக் ஓட்டையில எண்ணெய் எந்த மரை வரைக்கும் நின்னுச்சு? பிளக் உட்கார்ற இடத்துக்குக் கீழே நிறுத்தணும்ங்க, ஓட்டை நிறைய விட்டா ரெண்டு சி.சி. கூடக் காட்டும்.

நாங்க கடையில இவ்வளவு பாக்கறதில்லைங்க. கம்ப்ரெஷன் கேஜை மாட்டி நாலு உதை. 120 பி.எஸ்.ஐ. வந்தா 15-ஆல வகுத்து ரேஷியோ 8-ன்னு சொல்லிடுவோம். உங்க வண்டிக்குக் கேஜ் எவ்வளவு காட்டுது?

பழையவண்டி · ஜூன் 5, காலை 8:02

கிரீஸ் தடவினேன். எண்ணெய் கடைசி மரைக்குக் கீழே நின்றது. ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தேன், மட்டம் இறங்கவில்லை. கேஜ் 120 தான் காட்டுகிறது. உங்கள் கணக்குப்படி 8 வர வேண்டும், எனக்கு 6.5 வருகிறது. இப்போது அதுவும் குழப்பம்.

ஆவிக்கொதிகலன் · ஜூன் 5, மாலை 6:30

முப்பது வருடம் எஞ்சின் டெஸ்ட் பெட் அருகில் நின்றவன். கேஜ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது.

ரேஷியோ என்பது இடத்தின் விகிதம். கேஜ் காட்டுவது அழுத்தம். காற்றைச் சட்டென்று அமுக்கினால் இடம் சுருங்குவதோடு சூடும் ஏறுகிறது. அதனால் அழுத்தம் r மடங்கு ஏறாமல் r^1.4 மடங்கு ஏறும். 6.5-க்கு அது 13.7 மடங்கு. கேஜ் 185 பி.எஸ்.ஐ. பக்கம் காட்ட வேண்டும். 120 தான் காட்டுகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. உதைத்துச் சுற்றும்போது வேகம் குறைவு, சூடு சுவருக்குப் போய்விடுகிறது, கொஞ்சம் ரிங்கில் கசிகிறது. இன்டேக் வால்வும் பிஸ்டன் கீழே தொட்டுத் திரும்பி மேலேற ஆரம்பித்த பிறகுதான் மூடுகிறது. உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் வெளியே தள்ளப்படுகிறது. ஆக 15-ஆல் வகுப்பது ஒரு தப்பு. அந்தத் தப்புக்கு எதிர்த்திசையில் வேறு இரண்டு மூன்று தப்புகள் இருப்பதால் விடை ஏறக்குறைய நம்பும்படி வந்துவிடுகிறது. கேஜ் நேற்றைய எஞ்சினையும் இன்றைய எஞ்சினையும் ஒப்பிடத்தான். ரேஷியோவுக்குப் பியூரெட்.

இனி பெரிய கேள்வி. பழையவண்டி, நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். 300 கெல்வினில் காற்று, r 6.5. ஒரு கிலோ காற்றுக்கு 1800 கிலோஜூல் கொடுத்து ஒரு தடவை, 900 கொடுத்து ஒரு தடவை. cv 0.718. நாலு மூலையின் வெப்பநிலையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சொல்லிக் கேட்பதைவிட அந்த நாலு எண்ணைப் பார்ப்பது மேல்.

டாக்ஸிஓட்டி · ஜூன் 5, இரவு 9:10

நடுவில் ஒரு சந்தேகம். என் பழைய டீசல் காருக்கு 18 ரேஷியோ. இந்தச் சூத்திரத்தில் போட்டால் 68 சொச்சம் வருகிறது. அதனால்தான் டீசல் மைலேஜ் கொடுக்கிறதா? அப்படியானால் பெட்ரோல் காரையும் 18 ஆக்க வேண்டியதுதானே?

ஆவிக்கொதிகலன் · ஜூன் 5, இரவு 9:35

இது ஓட்டோ சூத்திரம் தம்பி, டீசலுக்கு அப்படியே பொருந்தாது. டீசலில் பிஸ்டன் இறங்கிக்கொண்டே இருக்கும்போது எரிகிறது. கடைசியில் எரிந்த பங்குக்கு விரிய இடம் குறைவு. எரிந்து முடிக்கும்போது இடம் இரண்டு மடங்கு ஆகியிருந்தால் அதே 18-க்கு 63 தான் வரும். ஒரே ரேஷியோவில் ஓட்டோதான் முந்தும். டீசல் ஜெயிப்பது அமுக்கும்போது உள்ளே வெறும் காற்று மட்டும் இருப்பதால். தானாகப் பற்ற ஒன்றும் இல்லை, அதனால் 18 வரை போக முடிகிறது. பெட்ரோல் கலவையை 18-க்கு அமுக்கினால் பிளக்குக்குக் காத்திருக்காமல் தானே வெடிக்கும்.

பழையவண்டி · ஜூன் 6, அதிகாலை 12:55

தூக்கம் வரவில்லை, போட்டுவிட்டேன்.

அமுக்கி முடித்ததும் 634 கெல்வின். இது இரண்டு தடவைக்கும் பொது.

1800 கொடுத்தால்: எரிந்ததும் 3141, விரிந்து முடித்ததும் 1486. வெளியே போகும் வெப்பம் 0.718 × (1486 − 300), அதாவது 851. பங்கு 47.3 சதவீதம். மிச்சம் 52.7.

900 கொடுத்தால்: எரிந்ததும் 1888, விரிந்து முடித்ததும் 893. வெளியே போவது 426. பங்கு மறுபடி 47.3. மிச்சம் 52.7.

அச்சு மாறாமல் அதே எண். நான் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று மூன்று தடவை போட்டேன். தப்பு இல்லை. ஆனால் ஏன் என்று இன்னும் புரியவில்லை. இயற்கணிதத்தில் அடிபட்டுப் போகிறது, அவ்வளவுதான் தெரிகிறது.

பழையவண்டி · ஜூன் 6, காலை 6:10

புரிந்தது என்று நினைக்கிறேன். பால் வாங்கப் போகும் வழியில் தோன்றியது. தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

வெப்பத்தை ஒரே வீச்சில் கொடுக்காமல் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்கிறேன். முதல் சொட்டு காற்று 634-ல் இருக்கும்போது விழுகிறது. கடைசிச் சொட்டு 3141-ல் விழுகிறது. ஒவ்வொரு சொட்டும் உள்ளே வந்த இடம் ஒன்றே, அந்த 63 சி.சி. வெளியே போகும் இடமும் ஒன்றே, 409 சி.சி. இடையில் விரிவது எல்லாச் சொட்டுக்கும் 6.5 மடங்கு. 6.5 மடங்கு விரிந்தால் வெப்பநிலை 2.114-ஆல் வகுபடும். 634-ல் வந்த சொட்டு 300-ல் வெளியேறும். 3141-ல் வந்தது 1486-ல் வெளியேறும். எந்தச் சொட்டை எடுத்தாலும் நூறு ஜூலுக்கு 47.3 ஜூல் போய்விடும், 52.7 கைக்கு வரும். எத்தனை சொட்டு விட்டேன் என்பதைப் பொறுத்து மொத்த வேலை மாறும், பங்கு மாறாது.

அதனால்தான் சூத்திரத்தில் பெட்ரோல் இல்லை. விடுபட்டுப் போகவில்லை. எல்லாச் சொட்டுக்கும் ஒரே பங்கு என்பதால் எழுதத் தேவையில்லாமல் போகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். 1 − 300/634 போட்டுப் பாருங்கள். அதே 52.7. கார்னோ சூத்திரம்தான், ஆனால் மேல் வெப்பநிலை 3141 இல்லை, 634. பிளக் பொறிவதற்கு முன்னாலேயே எஃபிஷியன்சி தீர்மானமாகிவிட்டது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. இத்தனை வருடம் வண்டி ஓட்டுகிறேன், இதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆவிக்கொதிகலன் · ஜூன் 6, காலை 9:00

சரியாகப் பிடித்தீர்கள். திருத்த ஒன்றும் இல்லை.

சேர்க்க ஒன்று உண்டு. 3141-க்கும் 300-க்கும் கார்னோ போட்டால் 90 சதவீதம் வரும். 52.7-க்கும் 90-க்கும் நடுவில் உள்ளது எங்கே போனது? கடைசிச் சொட்டு 1486-ல் வெளியேறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே இறங்க இடம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் கணக்கில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் தருணத்தில் உள்ளே ஏறக்குறைய 5 பார் அழுத்தம். நிஜ எஞ்சினில் அதைவிடக் குறைவு, ஆனால் வெளிக்காற்றைவிட நன்றாக அதிகம். சைலன்சரைக் கழற்றி ஸ்டார்ட் செய்தால் காது கிழிகிறதே, அந்தச் சத்தம் இந்தப் பாக்கி வேலைதான்.

லேத்துக்காரர் · ஜூன் 6, மதியம் 1:20

எல்லாம் சரிங்க. ஆனா அரை த்ராட்டில்ல ஓட்டுனா கம்ப்ரெஷன் குறைஞ்சிடுமே? பாதிக் காத்துதான் உள்ளே வருது. த்ராட்டிலைச் சாத்திக்கிட்டு உதைச்சா கேஜ் 60-தான் காட்டும், நான் பாத்திருக்கேன். அப்ப ரேஷியோ குறையுது, எஃபிஷியன்சியும் குறையுது. மெதுவா ஓட்டுறவனுக்கு நினைச்ச மைலேஜ் வராததுக்கு இதாங்க காரணம்.

ஆவிக்கொதிகலன் · ஜூன் 6, இரவு 8:15

நீங்கள் பார்த்தது நிஜம், முடிவும் பாதி நிஜம், காரணம்தான் வேறு.

த்ராட்டிலை மூடினால் உள்ளே அழுத்தம் குறைகிறது. இடத்தின் விகிதம் அப்படியேதான். 300 கெல்வினில் மெல்லிய காற்று வந்தாலும் 6.5 மடங்கு அமுங்கும்போது அது 634-க்குத்தான் போகும். பழையவண்டி சொன்ன சொட்டுக் கணக்கில் ஒன்றும் மாறாது. எரிகிற வளையத்துக்கு 52.7 அப்படியே.

நஷ்டம் வேறு இடத்தில். இன்டேக் பக்கம் 0.4 பார் என்று வைப்போம். உறிஞ்சும்போது பிஸ்டன் 0.4 பாருக்கு எதிரே இறங்குகிறது, அடியில் கிராங்க் கேஸில் 1 பார். வெளியே தள்ளும்போது 1 பாரை எதிர்த்து ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.6 பார் × 346 சி.சி., ஏறக்குறைய 21 ஜூல் வீண். அந்த மெல்லிய காற்றுக்கு அதே 1800 வீதம் கொடுத்தால் உள்ளே போகும் வெப்பம் 342 ஜூல், அதில் வேலை 180. அதிலிருந்து 21 போனால் 159. பங்கு 46.5. பாதிக் காற்றில் ஓடும்போது 52.7, 46.5 ஆகிறது. த்ராட்டில் முழுக்கத் திறந்தால் இந்த 21 ஜூல் கிட்டத்தட்ட இல்லை.

பாடப்புத்தகப் படத்தில் உறிஞ்சுவதும் தள்ளுவதும் ஒரே கோட்டின் மேல் போய் வருவதாக வரைந்து, அழித்துவிடுகிறார்கள். ஏர்-ஸ்டாண்டர்டு கணக்கில் அதே காற்று உள்ளேயே இருப்பதாக வைப்பதால் உறிஞ்சுவதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. சூத்திரத்தில் த்ராட்டில் இல்லாததற்கு அதுதான் காரணம். பெட்ரோல் இல்லாததற்கு நியாயமான காரணம் இருந்தது. த்ராட்டில் இல்லாதது கணக்கை எளிதாக்க நாம் விட்டது. இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

லேத்துக்காரர் · ஜூன் 6, இரவு 8:40

ஓடுற வண்டியில த்ராட்டிலைச் சாத்தினா எஞ்சின் ஏன் பிடிச்சு இழுக்குதுன்னு இப்பப் புரியுதுங்க. காத்தை உறிஞ்ச முடியாம இழுக்குது.

மூன்றாம்செமஸ்டர் · ஜூன் 7, மாலை 4:05

எக்ஸாம்ல காமா 1.4-ன்னு கொடுத்திடுறாங்க. நிஜ எஞ்சினுக்கு எவ்வளவு போடணும்? ஒரு சார் 1.3-ங்கறாங்க, இன்னொருத்தர் 1.35. அது மாறினா விடையே மாறிடுதே.

ஆவிக்கொதிகலன் · ஜூன் 7, இரவு 9:20

இதுதான் இந்தச் சூத்திரத்தின் பலவீனமான இடம்.

1.4 என்பது நாம் மூச்சுவிடும் வெப்பநிலையில் உள்ள காற்றுக்கு. சூடேற ஏற மூலக்கூறுகள் அதிரத் தொடங்கும். கொடுத்த வெப்பத்தில் ஒரு பகுதி அந்த அதிர்வுக்குள் போய்விடும், வெப்பநிலையை ஏற்றாது. பிஸ்டனைத் தள்ளுவது வெப்பநிலையும் அதோடு வரும் அழுத்தமும்தான். எரிந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் இருப்பதால் இன்னும் மோசம். மிகச் சூட்டில் கார்பன் டை ஆக்சைடு உடைந்து திரும்பவும் மோனாக்சைடு ஆகும், அதுவும் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அளவு தெரிய வேண்டுமானால்: பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 44 மெகாஜூல், சரியான கலவைக்கு 14.7 கிலோ காற்று. ஒரு கிலோ கலவைக்கு 2800 கிலோஜூல். 0.718-ஐ வைத்து இதை முழுதாகப் போட்டால் பழையவண்டியின் எஞ்சினில் 4500 கெல்வின் வரும். அப்படி ஒரு எஞ்சின் கிடையாது. நிஜத்தில் 2500-ஐத் தாண்டிக் கொஞ்சம், அவ்வளவுதான். பழையவண்டி போட்ட 1800-ம் 3141-ம் வெறும் பாடக் கணக்குக்கான எண்கள்.

ஆகவே ஒரே காமா என்பதே ஒரு சமரசம். முழு வளையத்துக்கும் ஒன்று சொல்லு என்றால் நான் 1.3 சொல்வேன். அப்போது 6.5-க்கு 43 சதவீதம். காமா குறைந்தால் ரேஷியோ ஏற்றுவதால் வரும் லாபமும் குறைந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம்செமஸ்டர் · ஜூன் 8, காலை 7:50

சார், கடைசி வரி சரியா? போட்டுப் பார்த்தேன். ரேஷியோ 6.5-லிருந்து 7.5.

காமா 1.4: 52.7-லிருந்து 55.3. முன்ன இருந்ததோட ஒப்பிட்டா 5.0 சதவீதம் கூடுது.

காமா 1.3: 43.0-லிருந்து 45.4. இங்க 5.6 சதவீதம் கூடுது.

லாபம் குறையலையே, கூடத்தானே செய்யுது?

ஆவிக்கொதிகலன் · ஜூன் 8, மாலை 6:00

நீ சொல்வது சரி, நான் எழுதியது தப்பு. புள்ளிக் கணக்கில் 2.6-லிருந்து 2.4 ஆகக் குறைகிறது. அதை மனதில் வைத்து அவசரமாக எழுதிவிட்டேன். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறவருக்கு வேண்டியது நீ போட்ட பங்குக் கணக்கு. அது கொஞ்சம் கூடுகிறது.

இதில் நல்ல செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. காமா 1.4-ஆ 1.3-ஆ என்று தெரியாவிட்டாலும் விடை 5-க்கும் 5.6-க்கும் நடுவில்தான் நிற்கிறது. எஞ்சினின் எஃபிஷியன்சி எவ்வளவு என்று கேட்டால் இந்தச் சூத்திரம் இரண்டு மடங்குகூடத் தப்பும். ரேஷியோவை மாற்றினால் எவ்வளவு மாறும் என்று கேட்டால் ஏறக்குறைய உண்மை சொல்லும். நான் டெஸ்ட் பெட்டில் இதை இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

பழையவண்டி · ஜூன் 8, இரவு 10:30

இந்தக் கேள்வியை எதற்குக் கேட்டேன் என்று சொல்லவே இல்லை. எனக்கு 7.5 ஆக்க வேண்டும். 63 சி.சி.யை 53.3 ஆக்க வேண்டும், 9.7 சி.சி. எடுக்க வேண்டும். போரின் பரப்பு 38.5 சதுர சென்டிமீட்டர். 2.5 மில்லி. பேரலின் அடியை லேத்தில் அவ்வளவு சீவினால் பிஸ்டன் அந்த அளவு மேலே வரும். லிட்டருக்கு 34 கொடுக்கிற வண்டி 35.7 கொடுக்கும் என்பது கணக்கு. லேத்துக்காரர் அண்ணே, செய்யலாமா?

லேத்துக்காரர் · ஜூன் 9, காலை 7:00

2.5 வேண்டாம்ங்க. வால்வு பிஸ்டன்ல முட்டும், இல்லேன்னா முட்டுற மாதிரி நிக்கும். முதல்ல சின்னப் பிள்ளைங்க விளையாடுற களிமண்ணை வாங்கி பிஸ்டன் மண்டையில ஒட்டுங்க. ஹெட்டை மாட்டி, டார்க் பண்ணி, கையால ரெண்டு சுத்து மெதுவாச் சுத்திட்டுக் கழட்டுங்க. வால்வு பதிஞ்ச இடத்துல களிமண் எவ்வளவு கனம் மிஞ்சியிருக்குன்னு பிளேடால வெட்டி வெர்னியர்ல அளங்க. சீவுனதுக்கு அப்புறமும் ரெண்டு மில்லி மிச்சம் இருக்கணும். அப்புறம் புஷ் ராட் நீளமாத் தெரியும், அட்ஜஸ்டர்ல இடம் இருக்கான்னும் பாக்கணும்.

ஒரு தடவை சீவுன பேரலைத் திரும்ப வளர்க்க முடியாதுங்க. கம்மியா எடுங்க.

பழையவண்டி · ஜூன் 11, இரவு 9:45

களிமண் வைத்துப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் வால்வு பதிந்த இடத்தில் 3.6 மில்லி. 2.5 எடுத்தால் 1.1 தான் மிஞ்சும். அண்ணன் சொன்னது சரி. 1.5 எடுக்கிறேன். இடம் 57.2 சி.சி., ரேஷியோ 7.06, காமா 1.4 வைத்தால் 54.2. முன்னைவிட 2.9 சதவீதம். 34 கிலோமீட்டர் 35 ஆகும். ஒரே ஒரு கிலோமீட்டர்.

அமுக்கி முடிக்கும் வெப்பநிலை 634-லிருந்து 655 ஆகிறது. 21 கெல்வின்தான். இது நாக் அடிக்க வைக்குமா?

ஆவிக்கொதிகலன் · ஜூன் 12, காலை 8:30

21 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். கலவை தானாகப் பற்ற எடுக்கும் நேரம் வெப்பநிலைக்கு மிக வேகமாகச் சுருங்கும், அதோடு அழுத்தமும் ஏறுகிறது. 7 என்பது இன்றைய பெட்ரோலுக்குப் பெரிய ரேஷியோ இல்லைதான். ஆனால் உங்களுடையது இரும்பு பேரல், பிளக் ஓரத்தில், நெருப்பு போர் முழுவதையும் கடக்க வேண்டும். சமவெளியில் ஒன்றும் தெரியாது. மலையில், குறைந்த வேகத்தில், முழு த்ராட்டிலில் காது வையுங்கள். தகரத்தில் கோலிக்குண்டு உருள்கிற மாதிரிச் சத்தம் வந்தால் இக்னிஷனைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதையே ரேஷியோவை ஏற்றி இறக்கக்கூடிய தனி எஞ்சினில் நாக் அடிக்க வைத்துத்தான் அளக்கிறார்கள். ஆக்டேன் எண் பிறப்பது அங்கேதான்.

டாக்ஸிஓட்டி · ஜூன் 12, இரவு 7:40

கேட்டுக்கொண்டே வருகிறேன். ஒன்று உறுத்துகிறது. பாக்கி வேலை 1486-ல் வெளியே போகிறது, பிஸ்டனுக்கு இடம் போதவில்லை என்றீர்கள். அப்படியானால் லாபம் தருவது விரிவதுதானே, அமுக்குவது இல்லையே? அமுக்குவதற்கு நாம் வேலை செலவழிக்கிறோம். அமுக்காமலே நிறைய விரியவிட்டால் என்ன?

ஆவிக்கொதிகலன் · ஜூன் 12, இரவு 9:55

அருமையான கேள்வி. அதையே செய்து பார்த்தவர் ஓட்டோதான். 1867 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய ஓட்டோ-லாங்கன் எஞ்சின் முன்கூட்டி அமுக்கவே செய்யாது. கலவை எரிந்து பிஸ்டனை மேலே எறியும், 10 மடங்கு விரியும். 1876-ல் வந்த நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் அமுக்கும், ஆனால் 2.5 மடங்குதான். இரண்டும் 2 குதிரைத் திறன். முன்னதன் எடை 1800 கிலோ, பின்னது 570. மொத்த எஃபிஷியன்சி முன்னதற்கு 11, பின்னதற்கு 14.

நாலு ஸ்ட்ரோக் ஜெயித்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் முன்னதில் பல்சட்டமும் பிடிப்பானும் உராய்வில் நிறையத் தின்றன. மெக்கானிக்கல் எஃபிஷியன்சி 68, பின்னதில் 84. உராய்வை நீக்கிப் பார்த்தால் சிலிண்டருக்குள் நடந்தது 16-ம் 17-ம். கிட்டத்தட்ட சமம். அமுக்காமல் பத்து மடங்கு விரிந்ததும், இரண்டரை மடங்கு அமுக்கி இரண்டரை மடங்கு விரிந்ததும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 2.5-க்கு ஏர்-ஸ்டாண்டர்டு 30.7 சொல்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையவண்டி · ஜூன் 13, காலை 6:30

இது என் சொட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது, இன்னொரு பக்கம் முட்டவும் செய்கிறது. விரிவதுதான் வெப்பநிலையை 2.114-ஆல் வகுக்கிறது, அது சரி. ஆனால் முதல் சொட்டு 634-ல் விழ வேண்டுமானால் முதலில் அமுக்கியிருக்க வேண்டும். அமுக்காமல் 300-ல் விழும் சொட்டு 6.5 மடங்கு விரிந்தால் 142 கெல்வினுக்குப் போய்விடும், அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கீழே இறங்கும், பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். அதனால் அமுக்கம் சும்மா செலவு இல்லை, விரிவதற்கு இடம் சம்பாதித்துத் தருகிறது. ஓட்டோவில் இரண்டும் ஒரே r ஆக இருப்பதால் யாருக்கு எவ்வளவு பெருமை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆவிக்கொதிகலன் · ஜூன் 13, மதியம் 12:10

பிரித்துக் காட்டிய எஞ்சின்கள் உண்டு. இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் ரேஷியோ 13, ஆனால் இன்டேக் வால்வை மிகத் தாமதமாக மூடுவதால் நிஜத்தில் அமுக்குவது அதைவிட நன்றாகக் குறைவு, விரிவது 13-க்கு. நாக் பயத்தை அமுக்கத்தில் தவிர்த்து லாபத்தை விரிவில் எடுக்கிறார்கள். அதனால் நான் விரிவின் பக்கம். உங்கள் 142 கெல்வின் வாதத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, அது முதல் சில சொட்டுகளுக்கு மட்டும்தானே என்று மட்டும் கேட்பேன்.

ரேஷியோவை ஏற்றிக்கொண்டே போகலாமா என்பதற்கும் ஒரு எல்லை தெரியும். 1959-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் ஒரு வி-8 எஞ்சினை 9-லிருந்து 25 வரை ஏற்றிப் பார்த்தார்கள். 17 பக்கம் உச்சம், அதற்குமேல் எஃபிஷியன்சி இறங்கியது. சூத்திரம் ஏறிக்கொண்டே போகும். நிஜத்தில் எரியும் இடம் தட்டையாகி நெருப்பு மெதுவாகிவிடுகிறது.

மூன்றாம்செமஸ்டர் · ஜூன் 13, மதியம் 12:40

எனக்கு அண்ணா பக்கம்தான் சரின்னு படுது. எக்ஸாம் முடிஞ்சதும் அமுக்கத்துக்கும் விரிவுக்கும் தனித்தனி r வச்சுப் போட்டுட்டு வரேன்.

பழையவண்டி · ஜூலை 6, இரவு 10:05

பேரல் சீவி மூன்று வாரம் ஆகிறது. அண்ணன் கடையிலேயே செய்தோம், 1.5 மில்லி. மாட்டிய பிறகு மறுபடி பியூரெட். 57.5 சி.சி. ரேஷியோ 7.02. களிமண் மிச்சம் 2.1 மில்லி. கேஜ் 120 இருந்த இடத்தில் 132.

மூன்று டேங்க் நிரப்பிப் பார்த்தேன். 34.6, 33.9, 35.8. முன்பு 34 என்று சொன்னேனே, அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் அதுவும் 33-லிருந்து 35 வரை ஆடியிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கூடியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிரித்து மாட்டும்போது கார்புரேட்டரையும் சுத்தம் செய்தேன், அது செய்த வேலையும் இதில் கலந்துவிட்டது. செய்திருக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவில் முதல் இருபது வரை ஒன்றும் இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இரண்டாம் கியரில் முழுக்க முறுக்கினால், அந்தக் கோலிக்குண்டுச் சத்தம். த்ராட்டிலைக் கொஞ்சம் விட்டால் நிற்கிறது. வீட்டுக்கு வந்து இக்னிஷனை ஒரு நூல் தள்ளிப் போட்டேன். இப்போது சத்தம் இல்லை.

லேத்துக்காரர் · ஜூலை 7, காலை 6:50

இக்னிஷனைத் தள்ளுனதுல மைலேஜ் கொஞ்சம் திரும்பப் போயிருக்கும்ங்க. பிளக்கைக் கழட்டிப் பாத்தீங்களா, பீங்கான் மேல கருப்புப் புள்ளி, அலுமினியத் துகள் ஏதாச்சும் இருக்கா? இருந்தா நாக் நிக்கலைன்னு அர்த்தம், காதுக்குக் கேக்கலைன்னாலும்.

பழையவண்டி · ஜூலை 7, இரவு 8:20

இப்போதுதான் கழற்றினேன். பீங்கான் டீ நிறம், புள்ளி இல்லை, துகள் இல்லை. அடுத்த மூன்று டேங்குக்கு எதையும் தொடாமல் ஓட்டி, எண்களை இங்கேயே போடுகிறேன்.